கையெழுத்து போட்ட பிறகும் மிச்சமிருக்கும் லாபம்: குத்தகைச் சீட்டை முன்வைத்துச் சில கேள்விகள்

பல வருஷம் கல்லூரியில் பொருளியல் நடத்திவிட்டு, இப்போது மன்னார்குடி பக்கத்துச் சொந்த ஊரில் இருக்கிறேன். ஆடி பிறந்தால் குத்தகைச் சீட்டு எழுதித் தரச் சொல்லி யாராவது வருவார்கள். எழுதும்போது இரண்டு பக்கமும் சில கேள்விகள் கேட்பார்கள், நானும் சில கேட்பேன். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தானே கையெழுத்து போட்டாங்க? அப்புறம் அதுல என்ன நஷ்டம் இருக்க முடியும்?

சம்மதம் என்றால், ஒப்பந்தமே இல்லாமல் இருப்பதைவிட இது மேல் என்று இருவரும் நினைத்தார்கள் என்று பொருள். அவ்வளவுதான் அதற்குப் பொருள். இதைவிட இருவருக்குமே மேலான வேறொரு ஒப்பந்தம் இருந்ததா என்ற கேள்விக்குக் கையெழுத்து பதில் சொல்வதில்லை.

நிலம் தரிசாகக் கிடப்பதைவிடக் குத்தகைக்குப் போவது நல்லது, வேலையில்லாமல் இருப்பதைவிடக் குத்தகைக்கு எடுத்துச் செய்வது நல்லது. இந்த அளவில் திருப்தி வந்தால் கையெழுத்து விழுந்துவிடும். அதே நிலம், அதே இரண்டு பேர், ஆனால் சீட்டில் இரண்டு வரி மாறியிருந்தால் இருவர் கையிலும் கூடுதலாகப் பணம் நின்றிருக்கும் என்பது பல சமயம் உண்மை. ஒருவர் ஏமாற்றப்பட்டார் என்று நான் சொல்லவில்லை. இருவருமே கொஞ்சம் இழந்தார்கள் என்கிறேன். ஏமாற்றப்பட்டவர் சத்தம் போடுவார். இந்த இழப்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பேச்சா சொன்னா புரியல. ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

சரி. எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர், அதாவது பதினைந்து மா நஞ்சை. நிலத்துக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சியில் இருக்கிறார், பென்ஷன் வருகிறது. சாகுபடிக்காரர் ஊரிலேயே இருக்கிறார், இரண்டு மாடு வைத்திருக்கிறார். சம்பாவும் அதன் பின் உளுந்தும் போடுவார். சீட்டில் எழுதியது இதுதான்: குத்தகை 75,000 ரூபாய், முழுவதும் ஆடியிலேயே கொடுத்துவிட வேண்டும். வைக்கோல் ஆளுக்குப் பாதி. உளுந்து அவருக்கு.

இப்போது அந்த 75,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவர் மூணு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மாதம் 2,250 ரூபாய். தையில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறி, கடனை அடைக்க மாசியாகிவிடும். ஏழு மாதத்துக்கு 15,750 ரூபாய் வட்டி. அதே 75,000-ஐ அந்த அம்மா வங்கியில் வருஷத்துக்கு ஆறு சதவீதத்தில் போட்டார். ஏழு மாதத்துக்கு அவருக்குக் கிடைத்தது 2,625 ரூபாய். ஒருவருக்கு 2,625 கிடைப்பதற்காக இன்னொருவர் 15,750 செலவழித்திருக்கிறார். இடையிலுள்ள 13,125 ரூபாய் இந்த இருவரிடமிருந்தும் வெளியே போய்விட்டது.

வைக்கோலும் அப்படித்தான். அம்மாவுக்கு மாடு இல்லை. தன் பாதியை வயலிலேயே கட்டு போடுகிறவருக்கு விட்டதில் 2,000 ரூபாய் கிடைத்தது. சாகுபடிக்காரரோ கோடையில் தீவனம் போதாமல் அதே அளவு வைக்கோலை வெளியில் 8,000 ரூபாய்க்கு வாங்கினார். இதில் 6,000 போயிற்று. இரண்டையும் சேர்த்தால் 19,125 ரூபாய். சண்டையில்லாமல், சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டில் இவ்வளவு.

அப்ப எப்படி எழுதியிருக்கணும்?

பணம் மாசியில், வைக்கோல் முழுவதும் சாகுபடிக்காரருக்கு, அதற்கு ஈடாகக் குத்தகை கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதற்கு இரண்டு முனை உண்டு. அந்த அம்மாவுக்கு வங்கி வட்டி 2,625-ம் வைக்கோல் 2,000-மும் குறைகிறது, ஆகவே 79,625-க்குக் கீழே போனால் அவருக்கு நஷ்டம். சாகுபடிக்காரருக்கு 15,750-ம் 8,000-மும் மிச்சமாகிறது, ஆகவே 98,750 வரை கொடுத்தாலும் பழைய சீட்டைவிட அவர் நிலை மோசமாகாது. நடுவில் எந்தத் தொகையில் முடித்தாலும் இருவருக்கும் லாபம். 84,000 என்று முடித்தால் அம்மாவுக்கு 4,375 கூடுகிறது, அவருக்கு 14,750 கூடுகிறது. 89,000 என்றால் ஏறத்தாழ சரிபாதி.

இந்தக் கணக்கைக் காட்டும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். “குத்தகை 75-லேர்ந்து 84-ஆ?” என்று சாகுபடிக்காரர் முதலில் திடுக்கிடுவார். தொகையை மட்டும் பார்த்தால் ஏற்றம்தான். வட்டியையும் வைக்கோலையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது இறக்கம் என்று தெரியும்.

பேர எல்லைக்கோடுன்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன கோடு?

ஒரு தாளில் கிடைக்கோட்டில் அம்மாவின் லாபத்தையும் செங்குத்துக் கோட்டில் சாகுபடிக்காரரின் லாபத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத முடிந்த ஒவ்வொரு சீட்டும் அந்தத் தாளில் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் வைத்தால் ஒரு வயல் மாதிரி பரப்பு கிடைக்கும். அதன் வெளி விளிம்பு, மேல்பக்கமும் வலப்பக்கமும் பார்த்திருக்கும் வரப்பு, அதுதான் எல்லைக்கோடு. வரப்பில் நிற்கும்போது ஒருவருக்குக் கூட்ட வேண்டுமானால் மற்றவருக்குக் குறைத்தே ஆக வேண்டும். வயலுக்குள் நின்றால், இருவருக்கும் கூடும் திசையில் இன்னும் நடக்க இடம் இருக்கிறது. இத்தாலியரான பரேட்டோவின் பெயரால் இந்த வரப்பைப் ‘பரேட்டோ எல்லை’ என்பார்கள். அயர்லாந்துக்காரரான எட்ஜ்வொர்த் 1881-லேயே இதே கருத்தை ‘ஒப்பந்தக் கோடு’ என்ற பெயரில் எழுதிவிட்டார்.

நம் கணக்கில் முதல் சீட்டின் நிபந்தனைகளை வைத்துக்கொண்டு தொகையை மட்டும் 70,000, 75,000, 80,000 என்று மாற்றினால் புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் நகரும். நிபந்தனைகளை மாற்றிவிட்டு அதே போலத் தொகையை ஏற்றி இறக்கினால் இன்னொரு சாய்கோடு வரும். இரண்டும் இணைகோடுகள், வெளிக்கோடு 19,125 ரூபாய் தள்ளி நிற்கிறது. மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு மல்லுக்கட்டியவர்கள் எல்லோரும் உள்கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் நடந்தவர்கள்.

எல்லாத்தையும் சரிபாதியா பிரிச்சிட்டா பிரச்சினையே இல்லையே?

சண்டை இருக்காது, அது பெரிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு பொருளையும் பாதியாக வெட்டுவதுதான் வயலுக்குள்ளேயே நின்றுவிடுவதற்கு மிகச் சுலபமான வழி. மேலே வைக்கோலுக்கு நடந்தது அதுவே. ஒரு பொருள் இருவருக்கும் ஒரே மதிப்பாக இருந்தால் பாதி வெட்டுவதில் ஒன்றும் போகாது. மதிப்பு வேறாக இருந்தால் அது யாருக்கு அதிகம் பயன்படுமோ அவரிடம் முழுவதும் போகட்டும், மற்றவருக்கு அவர் விரும்பும் வேறொன்றில், பெரும்பாலும் பணத்தில், ஈடு வரட்டும். சரிபாதி வேண்டும் என்றால் கடைசியில் வரும் மொத்த லாபத்தைப் பாதியாக்குங்கள். பொருளைப் பாதியாக்க வேண்டாம்.

அந்தக் கோட்டுக்கு வந்துட்டா நியாயமான ஒப்பந்தம்னு அர்த்தமா?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படித்தவர்களே இங்கே குழம்புகிறார்கள். 98,750 என்று எழுதினால் மிச்சம் முழுவதும் நிலத்துக்காரருக்கே போகிறது, சாகுபடிக்காரருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தப் புள்ளியும் வரப்பின் மேல்தான் இருக்கிறது. எதுவும் வீணாகவில்லை என்று மட்டும்தான் கோடு சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

கோட்டில் எந்த இடம் என்பதற்குத் தனி விதிகள் உண்டு. 1950-ல் ஜான் நாஷ் சொன்ன வழி, ஒப்பந்தம் இல்லாவிட்டால் இருக்கும் நிலையிலிருந்து இருவருக்கும் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அந்த இரண்டு கூடுதலையும் பெருக்கினால் எங்கே அதிகமாக வருகிறதோ அந்தப் புள்ளி. பழைய சீட்டையே தொடக்கமாக வைத்து, இருவரும் பணத்தைப் பணமாகவே மதித்தால், நம் கணக்கில் அது 89,000-த்தை ஒட்டி வரும். வேறு குத்தகைதாரர் தயாராக வாசலில் நின்றால் தொடக்கமே மாறும், புள்ளியும் அம்மா பக்கம் நகரும். அது நியாயமா என்பது பொருளியல் தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை.

இவ்வளவு லாபம் கண்ணெதிர்ல இருந்தா ஏன் யாரும் எடுத்துக்கறதில்ல?

கண்ணெதிரில் இல்லை, ஆளுக்குப் பாதி மறைவாக இருக்கிறது. மூணு வட்டிக்கு வாங்குகிறேன் என்று சாகுபடிக்காரர் வெளியே சொல்ல மாட்டார், கௌரவக் குறைச்சல். அதோடு, முடை என்று தெரிந்தால் குத்தகையை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். அந்த அம்மாவும் எனக்கு வைக்கோல் வேண்டாம் என்று வாய் திறக்க மாட்டார். வேண்டும் என்று பிடித்துக்கொண்டு, கடைசியில் விட்டுக்கொடுப்பது போல் விட்டு ஏதாவது வாங்கலாம் என்று நினைப்பார். இரண்டுமே நியாயமான ஜாக்கிரதைதான். ஆனால் இருவரும் ஜாக்கிரதையாக இருந்தால் 19,125 வெளியே போய்விடும்.

இது நம் ஊர்க்காரர்களின் குறை இல்லை. வாங்குபவரின் மதிப்பு அவருக்கு மட்டும் தெரியும், விற்பவரின் மதிப்பு அவருக்கு மட்டும் தெரியும், யாருக்கு அதிக மதிப்பு என்பதும் நிச்சயமில்லை என்றால், இருவரும் விருப்பப்பட்டு, வெளிப்பணம் இல்லாமல், எப்போதும் வரப்பைத் தொடும்படி ஒரு பேர முறையை அமைக்கவே முடியாது என்று மயர்சனும் சாட்டர்த்வைட்டும் 1983-ல் கணிதமாக நிறுவினார்கள். முழுவதும் ஒழிக்க முடியாது, குறைக்கலாம்.

நான் குறைக்கப் பார்க்கும் விதம் இது. தனித்தனி நிபந்தனையாகப் பேச விடுவதில்லை. “ஆடியில 75, வைக்கோல் பாதி. இல்லேன்னா மாசியில 86, வைக்கோல் முழுக்க உங்களுக்கு. எது வசதி?” என்று அந்த அம்மாவையே இரண்டு பொட்டலமாகக் கேட்கச் சொல்வேன். அவருக்கு இரண்டாவதில்தான் கூடுதல், ஆனால் அதைச் சொல்ல வேண்டியதில்லை. சாகுபடிக்காரர் இரண்டாவதைக் கை காட்டுவார். வட்டி எவ்வளவு என்று யாரும் யாரிடமும் சொல்லாமலே இருவரும் முன்னேறிவிடுவார்கள்.

மாசியில பணம் வராமப் போச்சுன்னா? அந்தப் பயத்துலதானே ஆடியில வாங்கறாங்க.

சரியான கேள்வி. பயமும் கணக்கில் சேர வேண்டிய செலவுதான். பத்தில் ஒரு தடவை பணம் வராமல் போகும் என்று அவர் நினைத்தால், 84,000-க்கு அந்தப் பயத்தின் விலை 8,400. அதையும் சேர்த்துக் கேட்டாலும் சாகுபடிக்காரருக்கு மிச்சமாகும் வட்டி அதைத் தாங்கும். ஐந்தில் ஒரு தடவை என்று நினைத்தால் 16,800, இது தேதி மாற்றத்தில் வரும் 13,125-ஐ விட அதிகம். அப்போது ஆடியில் முழுப் பணம் என்ற நிபந்தனையே சரியான நிபந்தனை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வீண் போலத் தெரியும், ஆனால் அந்த இருவருக்கும் அவர்கள் நம்பிக்கையின் அளவில் வரப்பு அங்கேதான் இருக்கிறது.

அதனால் நான் முதலில் பயத்தைக் குறைக்க வழி பார்ப்பேன். 25,000 ஆடியில், மீதி மாசியில். அல்லது இருவருக்கும் தெரிந்த ஒருவரின் ஜாமீன். 50,000-ஐத் தள்ளினாலே சாகுபடிக்காரருக்கு 10,500 வட்டி மிச்சம், அம்மாவுக்கு 1,750 மட்டுமே குறைவு.

மூணு வட்டியே இல்லாம கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கிட்டா?

அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் கடனுக்குக் கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கல் வேண்டும், சாகுபடி செய்பவர் பெயரில் அது வர நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் சிக்கல். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்ற விடாது. பெயர் பதிந்தால் நிலம் கை நழுவிவிடுமோ என்று பயந்து வாய்மொழியாகவே விடுகிறார்கள்.

“நான் உரிமை கேட்க மாட்டேன்” என்று சாகுபடிக்காரர் மனப்பூர்வமாகச் சொன்னாலும், சட்டம் தந்த பாதுகாப்பை அவர் ஒரு தாளில் எழுதி விட்டுக்கொடுக்க முடியாது. பாதுகாப்பு இருக்க வேண்டியதுதான், அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் நம்பும்படியாகக் கொடுக்க முடியாத ஒரு வாக்குறுதியால் இருவரும் ஒரு நல்ல புள்ளிக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள் என்பதும் உண்மை. எனக்குத் தெரிந்த தீர்வு இதற்கு இல்லை. நெருங்கிய உறவுக்குள் குத்தகை நடக்கும் இடங்களில் மட்டும் இந்தக் கையெழுத்து சுலபமாக விழுவதைப் பார்க்கிறேன்.

கஜா மாதிரி ஒண்ணு வந்தா? குத்தகையை விட வாரம்தானே நல்லது?

2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்துக்கு அருகில் கரை கடந்தது. அந்த மாதிரி வருஷத்தில் நிலையான குத்தகை என்றால் முழு அடியும் சாகுபடிக்காரர் மேல். பென்ஷன் வாங்குகிறவர் அடியைத் தாங்குவார், கடன்காரர் தாங்க மாட்டார். தாங்கக்கூடியவர் ஒரு விலைக்கு அதை ஏற்றுக்கொள்வது இருவருக்கும் லாபம். வாரம் அதைச் செய்கிறது, விளைச்சலில் பங்கு என்பதால் நஷ்டத்திலும் பங்கு.

ஆனால் வாரத்துக்கு வேறு ஒரு செலவு உண்டு. பாதி வாரத்தில், கூடுதலாக ஒரு களையெடுப்புக்கு 2,000 ரூபாய் போட்டு 3,000 ரூபாய்க்கு நெல் கூடினால், போட்டவர் கைக்கு 1,500 மட்டுமே வரும். அவர் போடமாட்டார், 1,000 ரூபாய் லாபம் வயலிலேயே நின்றுவிடும். நடுவழி ஒன்று இருக்கிறது: நல்ல வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நிலையான குத்தகை, கிராமத்துக்கே பயிர்ச்சேதம் என்று வருவாய்த் துறை கணக்கெடுத்து அறிவித்தால் பாதிக் குத்தகை. சேதத்தை அவர் வயலை வைத்து அளக்காமல் அரசுக் கணக்கை வைத்து அளப்பதால், தன் வயலைச் சரியாகப் பார்த்துக்கொள்ளும் ஆசை அவருக்குக் குறையாது. குறை என்னவென்றால், இவர் வயல் மட்டும் மூழ்கி ஊர் தப்பித்தால் சலுகை கிடையாது.

காவிரித் தண்ணி ஒப்பந்தத்துக்கும் இதே பாடமா?

ஒரு பகுதி பொருந்தும். நடுவர் மன்றம் 2007-ல் தந்ததும், உச்ச நீதிமன்றம் 2018-ல் திருத்தியதும் ஒப்பந்தம் இல்லை, தீர்ப்பு. பில்லிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வர வேண்டியது 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனது, அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அது உள்கோட்டில் நடப்பது மாதிரி, ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும்.

குறுவைக்கு ஆனியில் வரும் ஒரு டி.எம்.சி.யும், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஐப்பசியில் வரும் ஒரு டி.எம்.சி.யும் டெல்டாவுக்கு ஒரே மதிப்பு இல்லை. மேலே இருப்பவர்களுக்கும் மாதத்துக்கு மாதம் மதிப்பு வேறு. அதனால்தான் தீர்ப்பில் மாதவாரி அட்டவணை இருக்கிறது. மழை குறைந்த வருஷத்தில் எந்த மாதத் தண்ணீரை எதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்குத்தான் இன்னும் இடம் இருக்கிறது. குத்தகையில் பணத்தால் ஈடு கட்டிவிடலாம். இரண்டு மாநிலங்களுக்கு இடையே தண்ணீருக்குப் பணம் ஈடாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அங்கே வரப்பை எட்டுவது இன்னும் கடினம்.

எங்க சீட்டுல ஏற்கெனவே கையெழுத்து ஆயிடுச்சு. இப்பப் பேச்சை எடுத்தா நம்பிக்கை கெட்டதுன்னு நினைப்பாங்களே?

பேரம் பற்றி ஆராய்ந்த ஹவர்ட் ரைஃபா 1985-ல் இதற்கென்றே ஒரு முறையைச் சொன்னார். பழைய ஒப்பந்தம் அப்படியே செல்லும் என்று முதலில் இருவரும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு இருவருக்கும் கூடுதல் தரும் திருத்தம் ஏதாவது உண்டா என்று பார்ப்பது, யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் பழையதே தொடரும். கையெழுத்துக்கு முன்னால் இருந்த பயம் இப்போது பாதிதான் இருக்கும், ஏனென்றால் இனி யாரும் கீழே போக முடியாது. ஒத்துக்கொண்டால் பழைய நிபந்தனைக்குப் பதில் புதியது என்று தெளிவாக எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு அதை ஏற்கிறது.

பேச்சை எடுக்கும் முன் உங்கள் சீட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை செய்யுங்கள்: இந்த வரியை மாற்ற எனக்கு எவ்வளவு வேண்டும், அவருக்கு இது எவ்வளவு பெறும்? அவர் பின்னால் காசு கொடுத்து வாங்குவதை நீங்கள் சல்லிசாக விற்கிறீர்கள் என்றால் அங்கே மிச்சம் இருக்கிறது.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நம் கணக்கில் தேதி மாற்றத்தின் லாபம் மாதத்துக்கு 1,875 ரூபாய் கரைகிறது. கார்த்திகையில் உட்கார்ந்து பேசினால், அந்த அம்மா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவர் கடனை அடைத்து, மாசியில் மறுபடி குத்தகையைக் கட்டினாலும் மூன்று மாதத்து லாபம் 5,625 மட்டும்தான் மிச்சம். வைக்கோலின் 6,000 தை அறுப்பு வரை அப்படியே இருக்கும். கட்டு போடும் மிஷின் வயலில் இறங்கி, வெளியாளிடம் பணம் வாங்கிவிட்டால் அதுவும் முடிந்தது.